இருபது கண்டுபிடிப்புகள்

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே டி.டி.பி. சென்டரில் எனக்கு வேலை. லாசரஸ் சார் தன் ஆய்வேட்டை ஃப்ளாப்பியில் கொண்டுவந்தார். வேர்டில் திறந்ததும் எரிச்சல் வந்தது. தலைப்புகள் வெறும் போல்டு. வரிசை எண்களெல்லாம் கையால் அடித்தவை.

தலைப்புகளுக்கு ஹெட்டிங் ஸ்டைல் கொடுத்தேன். பொருளடக்கம் தானாக வந்தது. கடைசி அத்தியாயத்தில் அவர் அடித்த எண்களை அழித்துவிட்டு, தானியங்கி எண் போட்டேன். 'இருபது கண்டுபிடிப்புகள்' என்ற பட்டியல் பதினேழோடு நின்றது.

"இன்னாம்மா, கம்ப்யூட்டர் மூணைத் தின்னுடுச்சே!"

"அது தின்னல சார். ஏழுக்கு அப்புறம் நீங்கதான் பதினொண்ணு அடிச்சிருந்தீங்க."

சார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அந்தப் பக்கத்துக்கு மட்டும் பழைய நம்பரையே அடிச்சிடும்மா. 'இருபதையும் வரி விடாம படிச்சேன், பிரமாதம்'னு என் ஆய்வு கைடு நேத்தே எழுதிக் கொடுத்துட்டார்."