டின்னுக்குப் பத்து ரூபாய்

இருபத்தாறு வருஷம் காந்தி மார்க்கெட் எண்ணெய் மண்டியில் மானேஜராகக் காலம் தள்ளிவிட்டு, அந்த மார்ச்சோடு விக்டர் வேலையை விட்டிருந்தார். சம்பளம் போக, வருஷ லாபத்தில் நூற்றுக்குப் பத்து கமிஷன். கடைசிக் கமிஷன் கைக்கு வந்ததும் முதல் காரியமாக மனைவி அக்னஸின் சங்கிலியை அடகுக்கடையிலிருந்து மீட்டார். இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தார். விட்டால்தானே? ஜூன் வெயிலில் ஸ்ரீரங்கத்துக்கு, ஆடிட்டர் சம்பத்குமாரன் ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார் முதலாளி அழகர்சாமி.

"இருப்புச் சரக்குக்கு எப்படி சார் விலை போட்டேள்?" என்றார் ஆடிட்டர்.

விக்டர் சொன்னார். முன்பெல்லாம் கடலை எண்ணெய் தொட்டியில் கிடந்தது. பழையதும் புதியதும் கலந்துவிடும். எது எந்த விலைக்கு வந்தது என்று யார் கண்டார்கள்? சராசரி விலைதான் போட முடியும். போன கணக்கு வருஷ ஆரம்பத்தில் தொட்டி ஒழுகியதால் அதைக் காலி செய்துவிட்டு டின்னுக்கு மாறினார்கள். டின் நூறு ரூபாய் என்று மூவாயிரம் வாங்கினார்கள், பிறகு விலை ஏறி நூற்றிருபதுக்கு மூவாயிரம். முதலில் வந்ததே முதலில் போனது. மார்ச்சில் குடோனில் நின்ற ஆயிரத்து இருநூறும் நூற்றிருபது ரூபாய் டின்கள். கண்ணால் பார்த்ததையே எழுதினார்.

"டின்னு எந்த வரிசையில போனா என்ன சார்? உங்க கமிஷன் ஒப்பந்தத்துல சராசரி விலைன்னுதானே இருக்கு. சராசரி நூத்திப்பத்து. டின்னுக்குப் பத்து ரூபாய் கூடப் போட்டிருக்கேள். இருப்பு பன்னிரண்டாயிரம் கூடினா, லாபமும் பன்னிரண்டாயிரம் கூடிடும்."

அதில் பத்தில் ஒன்று, ஆயிரத்து இருநூறு, விக்டர் வாங்கிய கமிஷனில் இருந்தது. ஒரு பைசா திருடியதில்லை. ஆனாலும் கூனிக் குறுகிப்போனார்.

அழகர்சாமி சிரித்தார். "விடுங்கய்யா. முறைய மாத்திக்கிட்டோம்னு நானும் அவரும் கையெழுத்துப் போட்டுடறோம்."

"போடலாம். கணக்குல அதைக் குறிப்பா எழுதிடணும். மார்ச்சோட முடிஞ்ச வருஷ லாபம் கூடும். அந்தச் சரக்கு விக்கறச்சே அடுத்த வருஷ லாபம் அவ்வளவு குறையும். மண்டிக்கு ரெண்டையும் கூட்டினா ஒண்ணுதான்."

"கேட்டீங்கல்ல விக்டர்? எனக்கு ஒரு நட்டமும் இல்ல. திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுட்டு, நிம்மதியா வீட்டுல இருங்க."

பெரிய மனசு என்று கும்பிட்டுவிட்டு விக்டர் படியிறங்கினார். வெளியே காத்திருந்த புது மானேஜர் ராமரும் கூட வந்து பஸ் ஏறினான். தொட்டியம் ஊர்க்காரன், விக்டரே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன், அவருக்கு இருந்த அதே கமிஷன் இப்போது அவனுக்கு.

"வர்ற மார்ச்சுல எப்படியும் ஆயிரத்து ஐந்நூறு கமிஷன் வரும்ணே," என்றான் ராமர். "வீட்டுல அவளுக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லியிருக்காங்க. அது வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு."

விக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மண்டிக்குக் கூட்டினால் ஒன்றுதான். ஆனால் போன வருஷம் இவருடையது, இந்த வருஷம் ராமருடையது. ஆயிரத்து இருநூறு டின்னிலும் பத்துப் பத்து ரூபாய் லாபத்தை இவர் முன்கூட்டியே சுரண்டி எடுத்தாயிற்று. மிச்சத்தைத்தான் அந்த அப்பாவி வேகாத வெயிலில் விற்கப் போகிறான். ஏன் குறைந்தது என்று அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. முதலாளியின் பெரிய மனசு யார் சட்டைப்பையிலிருந்து வந்தது என்று புரிந்ததும் விக்டருக்கு எரிச்சலாக வந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது. இந்த வயதில் இது தேவையா?

மாம்பழச்சாலையில் இறங்கினார். "எங்கண்ணே?" என்று ராமர் கத்தியது காதில் விழாத மாதிரி எதிர்ப்பக்கம் போய் நின்று, ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்தார்.

"சராசரியிலயே போட்டுடுங்க," என்றார் ஆடிட்டரிடம், மூச்சு வாங்க.

"யோவ், நான்தான் கையெழுத்துப் போடறேங்கறேனே!" என்றார் அழகர்சாமி.

"நீங்க போடுவீங்க, நானும் போடுவேன். ராமருக்கு யாருங்க போடறது?"

ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அந்த ஆயிரத்து இருநூறு?" என்றார் அழகர்சாமி. பெரிய மனசுக்கு அவ்வளவுதான் ஆயுள்.

"திங்கக்கிழமை கொண்டாந்து தரேன்."

பாலக்கரையில் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்னஸ் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் தேவலை. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முதுகைத் திருப்பிக் கழுத்தைக் குனித்தாள்.

"சங்கிலிக் கொக்கி எனக்கு எட்டாது. நீங்களே கழட்டுங்க."