எடை கேட்காத திரை

பயிற்சியாளர் மெயிலை அனுப்பிப் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் இருபத்திரண்டு வார்டு தலைமை நர்ஸுகளுக்கு மருந்துச் சீட்டைக் கம்ப்யூட்டரில் பதிவது எப்படி என்று பயிலரங்கு நடத்தியிருந்தாள். ஸ்லைடுகளைப் பார்த்துப் பார்த்து, ஒரு திரைக்குள் அடங்கும்படி எழுதிய மெயில் அது. முக்கியக் குறிப்புகள் மூன்று, அடுத்த வேலைகள் இரண்டு: வியாழனுக்குள் ஒவ்வொரு வார்டும் கம்ப்யூட்டரில் பதியப்போகும் நர்ஸுகளின் பெயர்ப்பட்டியல் தர வேண்டும்; திங்கள் முதல் காகிதச் சீட்டு கிடையாது என்பதால் உபரிக் கட்டுகளை ஸ்டோர்காரர் இன்றே திரும்ப எடுத்துக்கொள்வார். கீழே ஸ்லைடுகள் இணைப்பு. கச்சிதம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டவள்தான். இருபத்தொரு பேர் பதில் போட்டாயிற்று. குழந்தைகள் வார்டு மட்டும் மூச்சு விடவில்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடைசி வரிசையிலிருந்து அந்த வார்டின் தலைமை சிஸ்டர் எழுந்து கேட்டாரே!

"குழந்தைக்கு எடை பார்த்துத்தானே மருந்து? உங்க திரையில எடை போட இடமே இல்லையேம்மா?"

"நல்ல கேள்வி சிஸ்டர். அது சரியாகுற வரைக்கும் உங்க வார்டுக்குக் காகிதம்தான். மெயில்ல எழுதிடறேன்."

எழுதவில்லை. ஸ்லைடில் இல்லாதது மெயிலிலும் இல்லை. அறையில் பேசியதைக் குறித்துவைக்காமல் ஸ்லைடை மட்டும் சுருக்கியிருக்கிறாள், மகா புத்திசாலி. மெயிலைத் திரும்பப் பெறப் பார்த்தாள். ஏற்கெனவே எல்லோரும் படித்துவிட்டார்கள்.

மேலாளரிடம் ஓடினாள். "இன்னொரு மெயிலா? தப்புன்னு நாமளே தண்டோரா போடணுமா? போன்ல சொல்லி முடிச்சிரும்மா" என்றார் அவர். போனில் சொன்னால் ஸ்டோர்காரருக்கு எப்படித் தெரியும்? மெயிலில் இருப்பதுதான் அவருக்கு உத்தரவு.

மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவினாள். குழந்தைகள் வார்டில் ஸ்டோர்காரர் தள்ளுவண்டியோடு நின்றார். தலைமை சிஸ்டர் சீட்டுக் கட்டுகளை நாற்காலியில் அடுக்கி, அவற்றின்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மெயில்ல எல்லா வார்டும்னு இருக்கு சிஸ்டர், நான் என்ன பண்ணட்டும்?" என்றார் ஸ்டோர்காரர்.

"அண்ணா, அது என் தப்பு" என்றாள் அவள். முகம் எரிந்தது. எல்லோரும் பார்க்க, நின்றபடியே போனில் தட்டினாள். பொருள்: திருத்தம். 'குழந்தைகள் வார்டு காகிதச் சீட்டிலேயே தொடரும். திரையில் எடைக்கான இடம் வரும்வரை மாற்றம் இல்லை. பயிலரங்கில் ஒப்புக்கொண்டு, மெயிலில் விட்டது நான்.' அனுப்பினாள். மேலாளருக்கும் சேர்த்து.

ஸ்டோர்காரரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவர் நிதானமாகப் படித்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

சிஸ்டர் சீட்டுக் கட்டுகளைவிட்டு இறங்கவில்லை. தன் போனை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏதோ தட்டினார். அவளுடைய போனில் இருபத்திரண்டாவது பதில் வந்து விழுந்தது.

'படித்தேன். இனி எழுந்துகொள்கிறேன்.'