மூன்றாம் அத்தியாயத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

“என்ர அத்தியாயம் எங்க பிள்ளை?”

“மூண்டாவது, அக்கா. முப்பத்தோராம் பக்கம்.”

“முப்பத்தோராம் பக்கத்தில வேற ஆரோ எழுதியிருக்கினம்.”

பெற்றிசியா கதிரையில் இருக்கவில்லை. பள்ளிமுனையிலிருந்து பத்து மணி வெயிலில் நடந்து வந்தவள், அச்சடித்த அறிக்கையை அதைத் தொகுத்த தொண்டு நிறுவனப் பணியாளர் டிலோஜினியின் கணினிக்கு முன்னால் விரித்துப் பிடித்தபடி நின்றாள். பள்ளிமுனைக் கரையோரப் பெண்கள் சங்கத்தின் தலைவி அவள். கரையை வேலிபோட்டு உல்லாசப் படகுகளுக்கு விடும் திட்டத்துக்கு எதிராக மூன்று பேர் சேர்ந்து எழுதிய அறிக்கையில் மூன்றாம் அத்தியாயம் அவளுடையது. அன்று பின்னேரம் நாலு மணிக்கு முன் அதை மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் கொடுக்க வேண்டும். வேலிக்குள் போய்வரும் பாதை மீனவருக்கு உண்டு என்று திட்டத்திலேயே இருந்தது. யார் மீனவர் என்பதைக் கச்சேரி இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கும்.

“நான் ‘நாங்கள் இடுப்பளவு தண்ணியில நிண்டு நண்டு பிடிக்கிறம்’ எண்டு எழுதினனான். இதில என்ன இருக்கு, வாசி.”

டிலோஜினி வாசித்தாள். “‘அப்பகுதி மீனவர் ஆழங்குறைந்த நீரில் நண்டு சேகரிப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளனர்.’”

“எந்தப் பகுதி? ஆர் அந்த மீனவர்? நண்டு கடிச்ச கை என்ர.”

“மூண்டு பேர் எழுதினது, அக்கா. ஒரு ஆள் எழுதினமாதிரி வரோணும் எண்டு சேர் சொன்னவர். மூண்டு கிழமையா அதைத்தான் செய்தனான். தலைப்புக்கு ஒரே எழுத்து, அட்டவணைக்கு ஒரே வரிசை எண், ஒரு பொருளுக்கு ஒரு சொல்.”

“அதுக்கு என்ர வாயை ஏன் தைச்சனீ?”

பக்கத்து அறையிலிருந்து எமில் வந்தார். நிறுவனத்தின் இணைப்பாளர், முன்னாள் அதிபர். இரண்டாம் அத்தியாயம் அவருடையது. பதிவு செய்த படகுகளின் கணக்கு அதில் இருந்தது.

“பெற்றிசியா, இது கடிதமில்லை. கச்சேரியில இருக்கிறவன் ஒரு பக்கத்தில ‘நாங்கள்’, மற்றப் பக்கத்தில ‘அவர்கள்’ எண்டு வாசிச்சா, ஒட்டுப் போட்டது எண்டு தூக்கி எறிவான்.”

“நீங்கள் ‘நாங்கள்’ எண்டு எழுதியிருந்தா அப்பவும் ஒண்டாத்தானே இருந்திருக்கும், சேர்.”

“நான் எப்பிடி நண்டு பிடிச்சன் எண்டு எழுத ஏலும்?”

“அதைத்தான் நானும் கேக்கிறன்.”

டிலோஜினி குனிந்துகொண்டாள். சிரிப்பு வந்திருந்தால் பரவாயில்லை. வரவில்லை. பெற்றிசியா பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனாள்.

“சரி, அதை விடுங்கோ. எங்கட கணக்கு எங்க? இருநூற்றுப் பன்னிரண்டு பெண்டுகள். வீடு வீடாப் போய் எழுதிய அட்டவணை. எந்தப் பக்கம்?”



“அது எடுத்தாச்சு,” என்றாள் டிலோஜினி.

“ஆர் எடுத்தது?”

“நான்தான். சேர் ஓரத்தில குறிப்புப் போட்டிருந்தவர். இரண்டு அட்டவணைக்கும் ‘மீனவர் எண்ணிக்கை’ எண்டு தலைப்பு வந்திட்டுது. சேரின்ரதில முன்னூற்றுப் பதினெட்டு, உங்கடதில இருநூற்றுப் பன்னிரண்டு. முரண், ஒண்டை நீக்கவும் எண்டு.”

“என்ர அட்டவணைக்கு அந்தத் தலைப்பில்லை. ‘கரைத்தொழிலாளர்’ எண்டு போட்டனான்.”

“அதைத்தான் நான் மீனவர் எண்டு மாத்தினனான்.”

சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். அறிக்கையின் முதல் பக்கங்களுக்குப் போய், அருஞ்சொல் பட்டியலைத் திறந்தாள். அதை எமில் கடைசியாகச் சேர்க்கச் சொல்லியிருந்தார். ‘மீனவர்: பதிவு செய்யப்பட்ட படகை உடையவர்.’ அதை அவளே தட்டச்சுச் செய்திருந்தாள். செய்யும்போது மூன்றாம் அத்தியாயத்தை நினைக்கவில்லை.

பெற்றிசியா தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள்.

“எங்களுக்குப் படகில்லை.”

“தெரியும், அக்கா.”

“அப்ப முதல் பக்கத்தில எங்களை வெட்டிப்போட்டு, முப்பத்தோராம் பக்கத்தில மீனவர் எண்டு சொல்லுறியள். வேலிக்கு அங்கால நாங்கள் என்னெண்டு போறது? பறந்தோ?”

“வேணுமெண்டு செய்யேல்ல,” என்றார் எமில். “இப்ப நேரமில்லை. கொடுத்திட்டுப் பிறகு திருத்தம் அனுப்புவம்.”

“நாலு மணிக்குப் பிறகு திருத்தம் எடுப்பினமோ?”

பெற்றிசியா டிலோஜினியிடம் திரும்பினாள்.

“கையெழுத்துப் பக்கத்தைத் தா, பிள்ளை. என்ர பேரை வெட்டு. மூண்டு பேரும் வைச்சாத்தான் எடுப்பினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், சேர்? இரண்டு பேரோட கொண்டு போங்கோ.”

“மிரட்டுறியளோ?”

“ஓம்.”

எமிலின் முகம் சிவந்தது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் யாரும் அவருக்கு அந்த ஒரு சொல்லை அப்படிச் சொன்னதில்லை. “சரி, திருத்துங்கோ,” என்றார் கடைசியில். “ஆனா ‘நாங்கள்’ வராது. அதில நான் இறங்கமாட்டன்.”

பெற்றிசியா பல்லைக் கடித்தாள். “எண்ணிக்கை வரட்டும்.”

எல்லா ‘மீனவரை’யும் ஒரே அடியில் திருப்பி மாற்ற வழியில்லை. எது எமிலின் மீனவர், எது பெற்றிசியாவின் மீனவர் என்பதைக் கணினி அறியாது. டிலோஜினி ஒவ்வொருவரும் முதலில் அனுப்பிய பழைய கோப்புகளை எடுத்து, தொகுத்த அறிக்கையோடு ஒப்பிட வைத்தாள். மாறிய இடமெல்லாம் சிவப்பாக வந்தது. ஒவ்வொன்றாக அவள் வாசிக்க, பெற்றிசியா சொன்னாள்.

“‘மீனவர் கருவாடு காயவிடும் வெளி.’”

“நாங்கள். கரைத்தொழிலாளர்.”

“‘மீனவர் எரிபொருள் நிரப்பும் இடம்.’”

“அவை. விடு.”

நாலாம் அத்தியாயத்தில் டிலோஜினி ஒரு சிவப்பு வரியில் விரலை வைத்தாள். “‘திட்டத்தின் முதற்கட்டத்துக்கு மீனவர் ஒப்புதல் அளித்தனர்.’ இதில ரிஸ்கான் சேர் முதல் எழுதினது ‘படகுச் சொந்தக்காரர் பதினொரு பேர்’ எண்டு.”

“பதினொரு பேர் எப்ப ஊரானவை?”

“நான் மாத்தேக்க, அக்கா.”

“எங்களைக் கேட்டதோ?”

“இல்லை.”

“அப்ப அதையும் எழுது. கரைத்தொழிலாளரைக் கேட்கவில்லை எண்டு.”

நாலாம் அத்தியாயத்தை எழுதிய ரிஸ்கானுக்கு டிலோஜினி தொலைபேசி எடுத்தாள். தன் வசனத்தைத் தன்னைக் கேட்காமல் மாற்றியதற்கு அவரும் ஏசினார். பிறகு, “அவங்களைக் கேட்கல்ல, அது உண்மைதான், போடுங்க,” என்றார்.

பட்டியலில் இரண்டாவது சொல் ஏறியது. ‘கரைத்தொழிலாளர்: படகின்றிக் கரையிலும் ஆழங்குறைந்த நீரிலும் தொழில் செய்வோர்.’ நீக்கிய அட்டவணை 3.1 ஆகத் திரும்பி வந்தது. பழைய 3.1 தானாகவே 3.2 ஆனது. ஆனால் அதை நீக்கிய பிறகு நாலாம் அத்தியாயத்தில் டிலோஜினி கையால் அடித்திருந்த ‘அட்டவணை 3.1ஐப் பார்க்க’ என்பது மட்டும் அசையவில்லை. இப்போது அது வேறொரு அட்டவணையைக் காட்டியது. டிலோஜினி மூன்று இடத்தில் அதைத் தேடிப் பிடித்துத் திருத்தினாள். எமில் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேத்தண்ணி கேட்க ஒருவருக்கும் மனமில்லை.

மூன்று இருபதுக்கு அச்சடித்து முடிந்தது. ரிஸ்கான் வந்து கையெழுத்து வைத்தார், எமில் வைத்தார். பெற்றிசியா முதலில் ஒவ்வொரு பக்கமும் திருப்பினாள். பிறகு வைத்தாள்.

“இனிச் சந்தோசமோ?” என்றார் எமில்.

“இல்லை. நீங்கள் தனியக் கொண்டு போகவேண்டாம். நானும் வாறன்.”

கச்சேரியில் கடிதங்களைப் பதியும் லிகிதர் அறிக்கையை வாங்கி, ‘பெறப்பட்டது’ முத்திரையை எடுத்தார். பெற்றிசியா கட்டின் மேல் கையை வைத்தாள்.

“முப்பத்திரண்டாம் பக்கத்தை எடுங்கோ, தம்பி.”

“பிறகு பாப்பினம், அம்மா.”

“இப்ப பாருங்கோ. அட்டவணை 3.1. கடைசி வரி. சத்தமா.”

லிகிதர் எமிலைப் பார்த்தார். எமில் சுவரைப் பார்த்தார்.

“இருநூற்றுப் பன்னிரண்டு.”

“ஆர்?”

“கரைத்தொழிலாளர்.”

“இப்ப அடியுங்கோ,” என்று பெற்றிசியா கையை எடுத்தாள்.