இருபத்தேழு மேற்கோள்கள்

ஆறாண்டு முனைவர் பட்டப் பதிவுக்காலம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் நெறியாளரின் கையெழுத்தோடு ஆய்வேடு அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் சண்முகப்பிரியாவின் பதிவு தானே செத்துப்போகும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளரின் நுரையீரலைப் பற்றி அவள் எழுதிய முந்நூற்று நாற்பது பக்கங்களும் வெறும் காகிதமாகும். கௌரவ விரிவுரையாளராக வகுப்பெடுத்துக்கொண்டே, ஜெயங்கொண்டத்துக்கும் பெரம்பலூருக்கும் பஸ்ஸில் அலைந்துகொண்டே எழுதிய பக்கங்கள் அவை.

புதன்கிழமை காலை ஆய்வேட்டின் அச்சுப்படி சரிபார்ப்புக் குழுவிடமிருந்து திரும்பி வந்தது. ஆய்வைப் பற்றி ஒரு சொல் குறையில்லை. நூற்பட்டியல்தான் குற்றவாளி. அறுநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளில் எண்பத்து மூன்று இடங்களில் சிவப்பு மை.

கல்லூரி நூலகத்தின் கணினி அறையில் நூலக உதவியாளர் கலையரசன் அவளுடைய மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். ஜோட்டெரோ என்னும் மேற்கோள் மென்பொருளை அந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

"ஏன் மேடம், கே-ங்கறது யாரு? எட்டு கட்டுரை எழுதியிருக்காரு. கே, 2016. கே, 2018. பெரிய மனுசனா இருப்பாரு போலிருக்கே!"

"கிண்டல் பண்ணாதீங்க. அது என் நெறியாளர், நம்ம ராஜதுரை சார்."

"தெரியுது. தரவுத்தளத்துல 'ராஜதுரை கே' அப்படின்னு போட்டிருக்கான். மென்பொருள் கடைசியில இருக்கறத குடும்பப் பேருன்னு எடுத்துக்கிச்சு. நமக்கு ஏது குடும்பப் பேரு? வெள்ளக்காரன் தச்ச சட்டைய நம்ம பேருக்கு மாட்டுனா இப்படித்தான்." ஆசிரியர் கட்டத்தின்மேல் சுட்டியால் வலச்சொடுக்கி முன்பெயரையும் பின்பெயரையும் இடம் மாற்றினார். கே என்னும் மனிதர் ராஜதுரை ஆனார்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிழைகள் வந்தன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை மென்பொருள் ஒரு மனிதராகக் கருதி, 'அலுவலகம்' என்பதைக் குடும்பப் பெயராக்கியிருந்தது. நிறுவனங்களின் பெயரை இரு கட்டங்களில் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் இட வேண்டும் என்று அவர் காட்டிக்கொடுத்தார். முழுவதும் பெரிய எழுத்தில் இறங்கிய ஆங்கிலத் தலைப்புகளைச் சீராக்கினார்கள். ஒரே கட்டுரை இருமுறை இறங்கியதால் 2018அ, 2018ஆ என்று இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருந்தன. அவள் ஒன்றை நீக்கப் போனாள்.

"அய்யய்யோ, டெலீட் பண்ணிடாதீங்க! வேர்டுல இருக்கற மேற்கோளு அநாதையாயிடும். அப்புறம் இங்க எத மாத்துனாலும் அங்க மாறாது. மெர்ஜ் பண்ணுங்க. ரெண்டையும் ஒண்ணாச் சேத்தா மேற்கோளெல்லாம் தானா இதுக்கு வந்துடும்."

மதியத்துக்குள் எண்பது பிழைகள் தீர்ந்தன. எஞ்சியவை மூன்றும் 'சின்னதுரை, 2015' என்னும் ஒரே பதிவைச் சுட்டின. எம்.ஃபில். ஆய்வேடு, ஆனால் ஆசிரியர் பெயர் முகப்புப் பக்கத்தோடு பொருந்தவில்லை என்று குழு குறித்திருந்தது. அவள் இருபத்தேழு இடங்களில் மேற்கோள் காட்டிய ஆய்வு அது. அவளுடைய மூன்றாம் இயல் முழுவதும் அதன்மேல்தான் நின்றது. அதன் அட்டவணைகளை அவள் மனப்பாடமாய் அறிவாள். முகப்புப் பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தாள். ஆய்வாளர்: சி. உண்ணாமலை.

"சின்னதுரை அப்பா பேரு," என்றார் கலையரசன். அவர் குரலில் கிண்டல் போயிருந்தது. "பல்கலைக்கழகக் களஞ்சியத்துல பதிவு பண்ணவன் குடும்பப் பேருன்னு கேட்ட எடத்துல அப்பா பேரப் போட்டுட்டான். அந்தப் பொண்ணு இந்த நாற்காலியிலதான் கெடக்கும் மேடம். ராஜதுரை சார்கிட்டதான் பண்ணுச்சு. அப்புறம் வரவே இல்ல."

ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேட்டில் பதினொரு இடங்களில் சண்முகப்பிரியா அந்த ஆய்வாளரை ஆண்பாலில் சுட்டியிருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு தொழிலாளரை ஊர் ஊராகச் சென்று சந்தித்தவர் ஓர் ஆணாகத்தான் இருக்க வேண்டுமென்று முடிவு செய்தது மென்பொருளா? இல்லை. படித்த ஒரு பெண், அவளே.

ஐயம் அதோடு நிற்கவில்லை. ராஜதுரையின் 2016ஆம் ஆண்டுக் கட்டுரையைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அதே நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதே அட்டவணை. அதே தசமப் புள்ளிகள். ஆசிரியர் ஒருவர் மட்டுமே. நன்றியுரையில்கூட உண்ணாமலை இல்லை.

மாலையில் துறைத்தலைவரான ராஜதுரை தம் அறையில் அவள் நீட்டிய இரண்டு தாள்களையும் மேலோட்டமாகப் பார்த்தார்.

"என்னம்மா இதுல சந்தேகம்? ரெண்டும் ஒரே டேட்டாதான். எதுக்கு ரெண்டு பதிவு? ஒண்ணாச் சேத்துடுங்க."

"எத வெச்சுக்கறதுங்க சார்?"

"ஜர்னல்ல வந்தத வெச்சுக்கறதா, அலமாரியில கெடக்கறத வெச்சுக்கறதா? ஆறு வருசம் படிச்சிருக்கீங்க!" சிரித்தார். "வெள்ளிக்கிழம மூணு மணிக்கு பைண்டிங் பண்ணி எடுத்துட்டு வாங்க. கையெழுத்துப் போட்டுத்தரேன். ஒங்க வூட்டுல எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்கல்ல?"

அவள் சேர்த்தாள். அதை மறைப்பதற்கில்லை.

ஆய்வேடும் இதழ்க் கட்டுரையும் வெவ்வேறு வகை என்பதால் மென்பொருள் முதலில் மறுத்தது. உண்ணாமலையின் பதிவை அவள் கட்டுரை வகைக்கு மாற்றினாள். பல்கலைக்கழகம், ஆய்வேட்டு வகை ஆகிய விவரங்கள் அழிந்துபோகும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்றாள். ராஜதுரையின் பதிவை முதன்மையாகத் தேர்ந்து இரண்டையும் இணைத்தாள். வேர்டு கோப்பில் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தியதும் இருபத்தேழு இடங்களிலும் ராஜதுரை, 2016 என்று வந்து நின்றது. பிழை ஒன்றுமில்லை. நூற்பட்டியல் இவ்வளவு ஒழுங்காக ஒருபோதும் இருந்ததில்லை. கோப்பைச் சேமித்தாள்.

வியாழக்கிழமை வகுப்பெடுக்க முடியவில்லை. கலையரசனிடம் உண்ணாமலையின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, மதிய இடைவேளையில் அழைத்தாள். பின்னால் முந்திரி உடைக்கும் ஓசை கேட்டது.

"யாருங்க?"

"பெரம்பலூர் காலேஜ்லேர்ந்து பேசறேங்க. நீங்க உண்ணாமலைங்களா? ஒங்க எம்.ஃபில். ஆய்வு பத்தி..."

"அதெல்லாம் எதுக்கு இப்ப? நான் முந்திரி ஆலையில மேஸ்திரியா இருக்கேன். பேச்சு சத்தம் கேட்டா மொதலாளி கத்துவாரு."

"ஒரு நிமிசங்க. பி.எச்டி. ஏன் பண்ணாம விட்டுட்டீங்க?"

"கட்டுரையில என் பேரு இல்லியேன்னு கேட்டேன். அன்னியோட எனக்கு நெறியாளர் இல்ல. வேற யாரும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க." அவள் குரலில் அழுகை இல்லை, விலைப்பட்டியல் படிப்பதுபோலிருந்தது. "நீங்க அந்த அட்டவணைய பாத்தீங்களா? முப்பத்தேழாம் நம்பர பாத்தீங்களா?"

"பாத்தேங்க. சுரங்கத்துல பத்தொம்பது வருசம். எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் பாதிப்பு."

"அது எங்கப்பா. அவரு மூச்ச நான்தான் குழாயில ஊதச் சொல்லி அளந்தேன். சார் அந்த ஊருப் பக்கமே வந்ததில்ல. நீங்க எழுதறதுல என் பேரப் போட்டிருக்கீங்களா?"

சண்முகப்பிரியா கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"சரிங்க. வேலை கெடக்குது," என்று உண்ணாமலை இணைப்பைத் துண்டித்தாள்.

திருட்டுக்கு இரவும் வேண்டாம், சுவரேறவும் வேண்டாம். பட்டப்பகலில், குளிரூட்டிய அறையில், ஒரு பொத்தானால் அதைச் செய்ய முடியும். செய்தவள் கைகளில் கறைகூட இராது. உழைத்தவளின் பெயரைக் களஞ்சியம் தந்தைக்குக் கொடுத்தது. தந்தையிடமிருந்த பெயரைச் சண்முகப்பிரியா பேராசிரியருக்குக் கொடுத்தாள். முந்தியது அறியாமை. பிந்தியதற்கு அந்தப் பெயரும் பொருந்தாது.

அன்று பிற்பகலே அவள் நூலகத்துக்குப் போனாள்.

"திருப்பி எடுக்க முடியுமாங்க?"

கலையரசன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பதிவு குப்பைத்தொட்டியில இருக்கும், எடுத்துடலாம். ஆனா நீங்க புதுப்பிச்சு சேமிச்சிட்டீங்களே. வேர்டுல இருபத்தேழும் சார் பதிவதான் புடிச்சிட்டிருக்கும். கையாலதான் ஒவ்வொண்ணா மாத்தணும். சாருக்குன்னு உண்மையாவே போட்ட மேற்கோளும் அதோட கலந்துடுச்சு. எது யாருதுன்னு எப்படி பிரிப்பீங்க?"

"இது இருக்குல்ல." சிவப்பு மை பட்ட அச்சுப்படியை மேசைமேல் வைத்தாள். அதில் பழைய பெயர்கள் அப்படியே இருந்தன.

"யோசிச்சுக்குங்க மேடம். எனக்கு ஒண்ணுமில்ல, நான் நிரந்தரம். நீங்கதான்..."

"படிங்க. பக்கம் சொல்லுங்க."

அவர் படித்தார், அவள் மாற்றினாள். பதிவை மீட்டு, வகையை மறுபடி ஆய்வேடாக்கி, அழிந்த பல்கலைக்கழகப் பெயரைத் தட்டச்சிட்டாள். பின்பெயர்க் கட்டத்தில் உண்ணாமலை. முன்பெயர்க் கட்டத்தில் சி. பிறகு மேற்கோள்கள்: நாற்பத்தொன்றாம் பக்கம், நாற்பத்து நான்கு, ஐம்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் ராஜதுரையை எடுத்துவிட்டு உண்ணாமலையை இட்டாள். ஆண்பாற் சொற்கள் பதினொன்றும் பெண்பாலாயின. 2016ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடும் இடத்தில், அதன் தரவுகள் உண்ணாமலையின் 2015ஆம் ஆண்டு ஆய்வேட்டில் முன்னரே உள்ளன என்று ஓர் அடிக்குறிப்பு எழுதினாள். குற்றச்சாட்டுச் சொல் ஒன்றும் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. கட்டிய நான்கு படிகளோடு அவள் நின்றாள். ராஜதுரை பேனாவைத் திறந்துகொண்டே முதல் படியை எடுத்தார். அறிஞர்கள் எல்லாரும் செய்வதுபோல் நூற்பட்டியலில் தம் பெயரை முதலில் தேடினார். இருந்தது. நிறைவோடு பக்கங்களைப் புரட்டியவர் மூன்றாம் இயலில் நின்றார். அடிக்குறிப்பைப் படித்தார். மறுபடி படித்தார்.

"யாரு சொல்லிக்குடுத்தா ஒனக்கு?" நேற்றுவரை இருந்த 'நீங்க' போயிருந்தது.

"முகப்புப் பக்கத்துல இருக்குங்க சார்."

"நான் சொன்னது மெர்ஜ் பண்ணுன்னு."

"பண்ணேன் சார். தப்புன்னு தெரிஞ்சுச்சு. பிரிச்சிட்டேன்."

"அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுதுன்னு தெரியுமா?"

"முந்திரி ஆலையில இருக்காங்க சார்."

"தெரிஞ்சுமா?" உண்மையாகவே வியந்தார். பேனாவை மூடினார். "மூணாவது இயல் திருப்தியா இல்ல. திருத்திக் கொண்டா. பாக்கலாம்."

"இன்னிக்குத்தான் சார் கடைசி நாள்."

"அது ஒனக்கு நேத்தே தெரிஞ்சிருக்கணும்."

நாலே முக்கால் மணிக்கு அலுவலகச் சாளரத்தில் எழுத்தர் பரிமளா படிகளை வாங்கிச் சான்றிதழ்ப் பக்கத்தைத் திறந்தாள். காலியாக இருந்த கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"கையெழுத்து இல்லியேம்மா?"

"போட மாட்டேங்கறாரு."

"இல்லாம நான் எப்படி வாங்கறது? ஐயோ, எத்தன வருசமா ஒன்ன பாக்கறேன்." பரிமளா எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தாள், வேறு வழி எதுவும் அங்கே இல்லை. "மறுபதிவுக்கு விண்ணப்பம் தரேன். ஆனா அதுக்கும் பழைய நெறியாளரு ஆட்சேபணை இல்லன்னு எழுதித் தரணும்."

"தருவாரா?"

பரிமளா விண்ணப்பத்தை நீட்டினாள். ஐந்து மணிக்குச் சாளரம் மூடியது.

சண்முகப்பிரியா நான்கு படிகளையும் சுமந்துகொண்டு நூலகத்துக்குத் திரும்பினாள். கலையரசன் விளக்கை அணைக்கப் போனவர், கையை இறக்கிக்கொண்டார். அவள் உட்கார்ந்து பல்கலைக்கழக ஆய்வுநெறிக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினாள். எட்டு வரிகள். ஓர் ஆய்வேட்டின் அட்டவணையும் ஒரு கட்டுரையின் அட்டவணையும் இணைப்பாக. பதில் வருமா, வந்தால் எத்தனை ஆண்டில் வரும், அதற்குள் அவளுடைய வேலை இருக்குமா, எதுவும் அவளுக்குத் தெரியாது.

கடிதத்தின் அடியில் நூற்பட்டியலைச் செருகினாள். இரண்டே பதிவுகள். அகரவரிசை ஆங்கிலத்தில் என்பதால் ராஜதுரை மேலே, உண்ணாமலை கீழே. இரண்டிலும் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அச்சிடக் கொடுத்தாள்.