பக்கத்து இருக்கையின் பெடல்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எந்தப் பலகையிலும் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: பக்கத்து இருக்கையின் பெடலை மிதித்ததைச் சொல்லித்தருபவர் கற்பவரிடம் ஒருபோதும் சொல்லக்கூடாது. ஆபத்துக்காகத்தான் அந்த இரண்டாவது பெடல் என்று எல்லாக் கற்பவர்களும் நம்பினார்கள். அது நாளொன்றுக்கு எத்தனை முறை மிதிபடுகிறது என்பது சொல்லித்தருபவர்களின் கெண்டைக்காலுக்கு மட்டுமே தெரியும்.

பாலத்தின் ஏற்றத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. ஓட்டும் இருக்கையில் இருந்த நர்ஸ் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார். வயது ஐம்பதைத் தொட்டவர். மறுநாள் தேர்வு. தேறினால் திங்கள்கிழமை முதல் மருத்துவமனையின் வண்டியை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் இருக்கும் நோயாளிகளின் வீடுகளுக்குத் தனியாகப் போக வேண்டும். பின்னிருக்கையில் பள்ளி முதலாளி. தேர்வுக்கு முந்தைய நாள் ஒரு சுற்று வந்து பார்ப்பது அவர் வழக்கம். தேர்வின்போது அதிகாரி பின்னால் உட்கார, பக்கத்து இருக்கையில் உட்காரப்போவதும் அவர்தான்.

"இந்த மேடெல்லாம் இப்ப காலுக்குப் பழகிடுச்சு டீச்சர்," என்றார் நர்ஸ்.

பக்கத்து இருக்கையில் இருந்த டீச்சரின் கண் நர்ஸின் கால்களில் இருந்தது. மேட்டில் வண்டி எடுப்பதன் சூட்சுமம் முழுவதும் ஒரு நொடிக்குள் அடங்கியது. கிளட்சை மெல்ல விட வேண்டும். எஞ்சினின் குரல் தணிந்து, வண்டியின் மூக்கு லேசாக நிமிரும். அதுதான் பிடிமானம். அதன் பிறகே வலது கால் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டருக்குப் போகலாம். நர்ஸின் கால் எப்போதும் அதற்கு முன்பே போய்விடும். அந்த இடைவெளியில் டீச்சரின் கால் சத்தமில்லாமல் பிரேக்கை மிதித்துப் பிடிக்கும். மூன்று வாரமாக இதுதான் நடந்தது.

பதினாறு வருடங்களுக்கு முன் டீச்சரும் இப்படித்தான் தேறினாள். உரிமம் கைக்கு வந்த வாரம் அக்காவின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், இதுபோன்றதொரு ஏற்றத்தில் காலை எடுத்தாள். வண்டி பின்னால் நழுவியது. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வண்டி தானாக நிற்கும் என்று காத்திருந்தாள். பின்னால் நின்றவர் சைக்கிளை விட்டுக் குதித்துவிட்டார். சைக்கிளின் முன்சக்கரம் அப்பளமாக நொறுங்கியது. நடந்ததைக் கேட்ட பக்கத்துக் கடை மெக்கானிக், "இவ்வளவு நாளும் நீங்க ஓட்டலம்மா, பக்கத்துல இருந்தவர் ஓட்டியிருக்கார்," என்றான். இரண்டு வருடம் அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

பயம் நீங்கிவிட்டது என்று தேறிய நாளில் நம்பியிருந்தாள். அது நீங்கவில்லை, பக்கத்து இருக்கைக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். பயந்தவர் பிரேக்கைத் தேடுவார். பயத்தைப் பிறர் சுமந்துகொண்டால் தேட வேண்டும் என்பதே மறந்துபோகும். இப்போது நர்ஸின் பயம் தன் பாதத்தில்தான் இருக்கிறது என்பதை டீச்சர் உணர்ந்தாள். உள்ளங்கால் வியர்த்திருந்தது.

கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ஒரு லாரி, இரண்டு கார் நீளம் தள்ளி. பச்சை விழுந்தது. நர்ஸின் இடது கால் எழுந்தது. வலது கால் வழக்கம்போல முந்திக்கொண்டது.

டீச்சர் மிதிக்கவில்லை.

வண்டி ஒரு சாண் பின்னால் போனது. இன்னொரு சாண். நர்ஸின் முகத்தில் கலவரமே இல்லை. எதையோ எதிர்பார்த்து நிதானமாக உட்கார்ந்திருந்தார். அந்த நிதானம் டீச்சருக்குத் தெரிந்ததுதான். லாரி ஹாரனை அலறவிட்டது. டீச்சர் பிரேக்கை ஓங்கி மிதித்து, கைப்பிரேக்கை இழுத்தாள். எஞ்சின் ஒரு உலுக்கலுடன் அணைந்தது.

"ரிவர்ஸ் பாடம் போன வாரமே முடிஞ்சிருச்சேம்மா," என்று முதலாளி பின்னாலிருந்து சிரித்தார்.

நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "இத்தனை நாள் நின்ன வண்டி சார். இன்னிக்கு என்ன கோளாறு?"

"பிரேக் கேபிள் தளர்ந்திருக்கும். சாயங்காலம் பார்த்துடறேன். நாளைக்கு நான் பக்கத்துல இருக்கேன், கவலைய விடுங்க." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், நீங்க எறங்குங்க. நான் முன்னாடி வர்றேன்."

லாரி மறுபடியும் ஹாரன் அடித்தது. டீச்சர் இறங்கவில்லை. இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் மடித்துக்கொண்டாள்.

"கேபிள் நல்லாத்தான் இருக்கு. இந்த மேட்டுல வண்டி எடுக்கறப்ப ஒரு நாள்கூட நீங்க அத நழுவாம பிடிக்கலக்கா. மூணு வாரமா என் கால்தான் பிரேக்குல இருந்துச்சு. உங்ககிட்ட அதச் சொல்லல."

"டீச்சர்," என்றார் முதலாளி.

"நாளைக்கு சார் காலு மிதிக்கும், நீங்க பாஸாயிடுவீங்க. திங்கக்கிழமை மலையில யாரு மிதிப்பா?"

நர்ஸ் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். அது ஆக்சிலேட்டரின் மேல் இருந்தது, நடுங்கத் தொடங்கியிருந்தது. அதை மெல்ல எடுத்துப் பிரேக்கின் மேல் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டார்.