மூன்று ஐம்பது

அந்த வருடம் மாகாணப் போட்டியில் ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரைத்தான் அனுப்ப முடியும். போன வருடம் ஓடிய அனுஷ்காவையே மறுபடியும் அனுப்பலாம் என்று விளையாட்டு ஆசிரியர் விஜிதரன் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். அப்போதுதான் பதினோராம் வகுப்பு நிலக்ஷி வந்து நின்றாள்.

"சார், நான் ஒரு கிலோமீட்டர மூணு நிமிசம் அம்பது செக்கன்ல ஓடுறேன். அஞ்சு கிலோமீட்டரும் அதே மாதிரி ஓடுறேன்."

"எங்க ஓடுன?"

"தோட்டத்து றோட்டுல. அண்ணன் குடுத்த போன்ல பாத்தேன்."

விஜிதரன் சிரித்துவிட்டார். அப்படியென்றால் ஐந்து கிலோமீட்டருக்குப் பத்தொன்பது நிமிடம் பத்து வினாடி. அனுஷ்காவின் நேரத்தைவிட ஒரு நிமிடம் குறைவு. வளைந்து வளைந்து இறங்குகிற தேயிலைத் தோட்டத்து ரோட்டில் போன் என்னத்தைக் காட்டினால் என்ன? அடை மழையில் மைதானம் சேறாகிக் கிடந்ததால், ஹட்டன் நகரத்தில் தெரிந்த றொக்சனின் ஜிம்முக்கு அவளைக் கூட்டிப் போய் டிரெட்மில்லில் ஓட வைத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார். அனுஷ்காவும் இன்னும் நாலைந்து பிள்ளைகளும் கூடவே வந்தார்கள்.

டிரெட்மில்லில் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றுதான் வைக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பது அதில் இல்லை. விஜிதரன் போனை எடுத்து அறுபதை மூன்று புள்ளி ஐந்தால் வகுத்தார். பதினேழு புள்ளி ஒன்று வந்தது.

"பதினேழு புள்ளி ஒண்ணு வை றொக்சன். மூணு கிலோமீட்டர் தாங்கினா நம்புறேன்."

நிலக்ஷி ஏறினாள். முதல் இரண்டு நிமிடம் அழகாகத்தான் ஓடினாள். நாலாவது நிமிடத்தில் தோள் உயர்ந்தது. ஆறாவதில் வாய் திறந்து மூச்சு இழுத்தது. ஏழாவது நிமிடம் முடியும்போது பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஓரத்திலும் காலை வைத்துத் தாவி நின்றுவிட்டாள். முகம் கறுத்துப்போயிருந்தது. திரையில் இரண்டு கிலோமீட்டர், ஏழு நிமிடம் என்று எண்கள் ஒளிர்ந்தன. விஜிதரன் அதைப் பார்த்தார். பார்த்தும் அது அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"இதுதான் ஒன் மூணு அம்பதா?"

"சார், இது வேகம் கூட மாதிரி இருக்கு…"

"மிஷின் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா? செலக்சனுக்காக வாயில வந்த நேரத்த சொல்லக்கூடாது. பொய் சொல்ற புள்ளய நான் எங்கயும் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

பிள்ளைகளில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நிலக்ஷி செருப்பை மாட்டிக்கொண்டு, மழையோடு மழையாக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துபோனாள். அதற்குப் பிறகு பயிற்சிக்கு வரவில்லை. போட்டிக்கு அனுஷ்காவின் பெயரையே அனுப்பினார்கள்.

போட்டி கண்டியில் நடந்தது. விஜிதரன் கம்பி வேலியோரம் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றார். அனுஷ்கா ஐந்தாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். முன்னால் போன பெண் ஒவ்வொரு சுற்றையும் ஏறக்குறைய தொண்ணூற்றிரண்டு வினாடியில் முடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற வேறு பள்ளிக்கூடத்து ஆசிரியர், "நல்ல ஓட்டம். கிலோமீட்டர் மூணு அம்பதுல போகுது" என்றார்.

விஜிதரன் மனதில் ஏதோ இடறியது. நானூறு மீட்டர் தொண்ணூற்றிரண்டு வினாடி. ஆயிரம் மீட்டருக்கு இருநூற்று முப்பது வினாடி. ஆமாம், மூன்று நிமிடம் ஐம்பது வினாடி. அப்படியானால் இரண்டு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் நாற்பது வினாடி ஆக வேண்டும். அன்றைக்குத் திரையில் ஏழு நிமிடம்தானே இருந்தது?

போனை எடுத்தார். ஐம்பது வினாடி என்பது அரை நிமிடமா? முப்பது வினாடிதான் அரை நிமிடம். ஐம்பதை அறுபதால் வகுத்தால் புள்ளி எட்டு மூன்று. மூன்று ஐம்பது என்பது மூன்று புள்ளி ஐந்து இல்லை. மூன்று புள்ளி எட்டு மூன்று. அறுபதை அந்த எண்ணால் வகுத்தார். பதினைந்து புள்ளி ஆறு சொச்சம். வினாடிக் கணக்கில் மூவாயிரத்து அறுநூறை இருநூற்று முப்பதால் வகுத்தும் பார்த்தார். அதேதான். பிறகு திருப்பிப் போட்டார். பதினேழு புள்ளி ஒன்று என்றால் கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் முப்பது வினாடி.

அவள் சொன்னதைவிடக் கிலோமீட்டருக்கு இருபது வினாடி வேகமாக அவளை விரட்டியிருக்கிறார். அந்த வேகத்தில் அவள் ஐந்து சுற்றுத் தூரம் தாங்கியிருக்கிறாள். இங்கே முன்னால் ஓடுகிற பெண்ணும் அவ்வளவு வேகத்தில் போகவில்லை.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. முதலாவதாக வந்தவள் பத்தொன்பது நிமிடம் ஐந்து வினாடியில் முடித்தாள். இரண்டாவதாக வந்தவள் பத்தொன்பது நாற்பதில் வந்தாள். அனுஷ்கா மூச்சு வாங்க வந்து, "சார், போன வருசத்த விட நல்லா ஓடினேனா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள்மேல் தப்பு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கினிகத்தேனைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, தோட்டத்துச் சந்தியில் இறங்கி, தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு நடந்தார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைக் கோர்த்துக்கொண்டே போனார். கணக்கு யாருக்கும் தவறும். எல்லாரும் செய்கிற பிழைதான். ஒவ்வொரு வாக்கியமும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உருவாகிறது என்று தெரிந்ததும் காது மடல் சுட்டது.

நிலக்ஷியின் அம்மா சண்முகவடிவு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார், உள்ள வாங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

அந்த மரியாதை அவரை இன்னும் குறுக வைத்தது. "வேணாம்மா. நிலக்ஷிகிட்ட ஒரு வார்த்த பேசணும்."

நிலக்ஷி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். விஜிதரன் கோர்த்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டார்.

"நான் மிஷின்ல தப்பான வேகத்த வச்சுட்டேன் நிலக்ஷி. மூணு நிமிசம் அம்பது செக்கன மூணு புள்ளி அஞ்சுன்னு போட்டுட்டேன். பதினஞ்சு புள்ளி ஆறுல வச்சிருக்கணும். நீ சொன்னது சரிதான். கண்டிக்கு நீதான் போயிருக்கணும்."

சண்முகவடிவு கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்றாள்.

"கணக்கு தப்புனது பரவால்ல சார்" என்றாள் நிலக்ஷி. "வேகம் கூட மாதிரி இருக்குன்னு நான் சொன்னேன். நீங்க ஒரு தடவ போட்டுப் பாத்திருக்கலாம். பொய்க்காரின்னு சொன்னீங்க. அனுஷ்கா அக்கா எல்லாரும் கேட்டாங்க."

"ஆமா. சொன்னேன்."

"அப்ப அங்க வச்சே இதையும் சொல்லுங்க சார்."

புதன்கிழமை பின்னேரம் அதே பிள்ளைகளை ஜிம்முக்கு வரச் சொன்னார். நிலக்ஷியும் வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். றொக்சன் பாட்டை நிறுத்தினான். விஜிதரன் சுவரில் ஒட்டியிருந்த கண்ணாடியின் முன்னால் நின்று, தான் போட்ட கணக்கையும், அது எங்கே தவறியது என்பதையும், தன் வாயிலிருந்து வந்த சொல்லையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

"ஏறு தங்கச்சி" என்றான் றொக்சன், சூழ்நிலையை மாற்றப் பார்த்து. "சரியான வேகத்துல வச்சுத் தாறேன். இவங்க பாக்கட்டும்."

"வேணாம் அண்ணே" என்றாள் நிலக்ஷி. "நான் அன்னைக்குச் சொன்னப்பவே அது உண்மதான்."

அனுஷ்கா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து வெளியே போனார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து நிலக்ஷி பயிற்சிக்கு வந்தாள். சொன்னதைச் செய்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தன் நேரத்தை மட்டும் அவரிடம் அவள் சொல்லவில்லை. விஜிதரனும் கேட்கவில்லை. கேட்கிற உரிமையைத் தானே தொலைத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.