எல்லாரையும் அப்படித்தான்

‘அண்ணா’ என்று கடை போனில் தட்டினாள். ஒரு கணம் பார்த்துவிட்டு அதை அழித்து ‘சார்’ என்று தட்டினாள். அதையும் அழித்தாள். கண்ணாடி வாங்கப் போகிறவருக்கு நாற்பத்தெட்டு வயது. தலைக்குச் சாயம், சட்டைக்கு வாசனை. போன தடவை ‘உங்கள் கண்ணாடி தயார் சார்’ என்று அனுப்பியதற்கு, ஒரு ரோஜாப்பூப் படத்தைப் பதிலாக அனுப்பியவர். ‘சார்’ என்றால் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிற ரகம். ‘அங்கிள்’ போட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ‘அண்ணா’வே சரி. ஜன்னலையும் சாத்தும், மனசும் நோகாது. அனுப்பினாள். சற்று நேரத்தில் ‘ஓகே சிஸ்டர்’ என்று வந்தது, உப்புச் சப்பில்லாமல்.

“சாத்திட்டியா ஜன்னல?” என்று உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த பட்டறைக்காரர் கேட்டார்.

“சாத்தியாச்சுண்ணே.”

“ஊருக்கெல்லாம் உறவு வெச்சுக் குடுக்கிற. உனக்கு உறவுக்காரின்னு பேரு வெச்சது சும்மாவா?”

அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். முதலாளியம்மாகூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார். கடை போனிலிருந்து வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்புவது உறவுக்காரியின் வேலை. சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். முகம் தெரியாத ஒருவரை முதல் சொல்லிலேயே நமக்கு யாரோ ஆக்கிவிடுகிற வேலை. பத்துப் பதினைந்து வயது மூத்தவர் வரைக்கும் அண்ணா, அக்கா. அதற்கு மேலே போனால் ஆண்களுக்கு ஐயா, பெண்களுக்கு அம்மா. ‘ஆண்ட்டி’ என்று எந்தப் பெண்ணுக்கும் தானாக எழுதவே கூடாது; அந்தம்மாவே ‘ஆண்ட்டிக்கு எப்ப ரெடியாகும்?’ என்று கேட்டால்தான் உண்டு. ‘மேடம்’ சிலருக்குப் பிடிக்கும், பலருக்கு வங்கியிலிருந்து வந்த மாதிரி இருக்கும். எதுவும் போடாமல் வெறுமனே ‘வாங்க, எடுத்துக்கோங்க’ என்று எழுதினால் மரியாதை இருக்கும், மனுஷத்தனம் இருக்காது.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாங்கினால் இன்னும் கவனம் வேண்டும். இவளுக்கு முன்னால் இருந்த பெண் கணவருக்கு ‘அண்ணா’ என்றும் மனைவிக்கு ‘ஆண்ட்டி’ என்றும் அனுப்பிவிட்டாள். அந்தம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வந்து நின்றார். “அவரு உனக்கு அண்ணன். நான் உனக்கு ஆண்ட்டி. அப்ப நான் அவருக்குச் சித்தியா?” கடையே சிரித்தது, அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி அவர்கள் இந்தப் பக்கம் வரவே இல்லை.

அன்றைக்குக் கடைசியாக ஒரு உறை மிச்சமிருந்தது. உறவுக்காரி விடுப்பில் இருந்தபோது பட்டறைக்காரர் எடுத்த ஆர்டர்; பெயர் எழுதாமல் எண்ணை மட்டும் குறித்திருந்தார். வயதான பெண்மணி, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி. போன் எண்ணைக் கடை போனில் அடித்தாள். பாதி எண்ணைப் பார்த்துத்தான் அடித்தாள். மீதியை விரல் தானாக அடித்தது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

அது அவளுடைய மாமியாருடைய எண். மாமியாராக இருந்தவருடையது என்று சொல்ல வேண்டும். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு வந்த நாளிலிருந்து அந்தம்மா இவளுக்கு யாருமில்லை. கணவனாக இருந்தவனுக்கு வேறு கல்யாணமாகி, குழந்தையும் ஆகிவிட்டது. எண்ணுக்கு மேலே இருந்த சின்னப் படத்தில் அந்தக் குழந்தை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவனைப் பற்றி அவளுக்கு இப்போது சொல்ல ஒன்றுமில்லை. பேச்சை நிறுத்தினால் மாதக்கணக்கில் நிறுத்துகிறவன். அந்த வீட்டில் வாய் நிறையப் பேசியது ‘அத்தை’யோடுதான். சமையலறையில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தால், கூடத்தில் தொலைக்காட்சிச் சத்தம் கூடும். இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று அத்தை ஊரில் இல்லை, தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து காலி அலமாரியைத்தான் பார்த்திருப்பார். அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். பக்கத்தில் அவன் இருப்பானோ என்று இவள் எடுக்கவில்லை. மறுபடி அழைப்பு வரவில்லை. கோபமா, வருத்தமா, விட்டது சனி என்றிருந்தாரா, இன்றுவரை தெரியாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த முகத்தை நேரில் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வகைக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், இறக்கமோ ஏற்றமோ இருந்தால் படியில் கால் தவறும். அதனால் வரச் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. வரச் சொல்ல ஒரு சொல்தான் வேண்டும்.

‘அம்மா’ என்று தட்டினாள். கடைச் சட்டப்படி அதுதான். ஆனால் ‘அம்மா, உங்கள் கண்ணாடி தயார்’ என்றால் யாராவது வந்து வாங்கிப் போவார்கள், அதோடு சரி. அதுவுமில்லாமல், வீட்டு வாசலில் வந்து எதையாவது விற்கிறவர்கள் எல்லாம் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அழித்தாள். வெறும் ‘வணக்கங்க’ என்று எழுதிப் பார்த்தாள். பாக்கி கேட்டு மிரட்டுகிற மாதிரி இருந்தது.

‘அ’ என்று அடித்ததும் போன் அண்ணா, அக்கா, அம்மா என்று மூன்றையும் வரிசையாக நீட்டியது. நாலாவது ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. இந்தப் போனில் யாரும் அதை எழுதியதில்லை. அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்தவள், இல்லையென்றால் கட்டியவனைப் பெற்றவள். கடைக்காரி சும்மா எடுத்து ஒட்டிவிடக் கூடிய சொல்லா அது? இப்போது அந்த வீட்டில் அதைச் சொல்ல வேறொருத்தி இருக்கிறாள்.

“மந்திரிக்கா எழுதுற, இவ்வளவு நேரம்?” என்றார் பட்டறைக்காரர். “வயசானவங்கதான? பாட்டின்னு போட்டு அனுப்பிவிடு.”

“பாட்டின்னா கோவிச்சுக்குவாங்கண்ணே.”

“உனக்கெப்படித் தெரியும்?”

அவள் எழுத்து எழுத்தாக அடித்தாள். ‘அத்தை, உங்க கண்ணாடி ரெடியாயிடுச்சு. நீங்களே வந்தா நல்லது. போட்டுப் பார்த்து சரி பண்ணிக் குடுக்கணும். மெதுவா வாங்க.’ கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

நீல டிக் உடனே வந்தது. படித்தாயிற்று. ‘எழுதுகிறார்’ என்று மேலே காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. அத்தைக்கு எழுத வராது. வேறு யாரோதான் எழுதுகிறார்கள். அந்த யாரோ யார்?

‘யாரு பேசறது?’ என்று வந்தது.

‘கண்ணாடிக் கடையிலேருந்துங்க.’ அது பொய்யில்லை, உண்மையில் பாதி.

மறுபடி எழுதுகிறார். மறுபடி நிற்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து துடைக்கிற துணி கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தாள்.

‘உங்க கடையில எல்லாரையும் அத்தைன்னுதான் கூப்பிடுவீங்களா?’

அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனாக இருந்தால்? அந்தக் குத்தல் அவனுடையதுதான். ‘இன்னும் என்ன அத்தை?’ என்று அடுத்த செய்தியில் கேட்பான். அம்மா போனை எடுத்து இந்த எண்ணை அடைத்துவிடுவான். கடைக்கே வந்து நின்று முதலாளியம்மாவிடம் நாலு வார்த்தை பேசினாலும் பேசுவான். இல்லை என்று எழுத ஒரு சொல் போதும். ‘இல்ல, உங்கள மட்டும்தான்.’ எழுதினாள்கூட. விரல் அனுப்பும் பொத்தான்மேல் நின்றது, நகர்ந்தது, அழித்தது.

‘ஆமாங்க, வயசானவங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். மரியாதைக்காக.’

‘சரி’ என்று வந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் வரைக்கும் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டாள். விட்ட பிறகுதான் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். தோளில் பெரிய பை, அதன் வாயில் ஒரு குழந்தைச் செருப்பு எட்டிப் பார்த்தது.

“அக்கா, எங்க அத்தையோட கண்ணாடி. நேத்து மெசேஜ் போட்டிருந்தீங்களே.”

உறவுக்காரிக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணுக்கு இவளைத் தெரியவில்லை. இவளுடைய படம் எதையும் அந்த வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள்.

“அவங்க வரலையாம்மா? போட்டுப் பாக்கணுமே.”

“வர்றதாத்தான்கா இருந்தாங்க. அதையேன் கேக்கறீங்க.” அந்தப் பெண் கண்ணாடி மேசைமேல் சாய்ந்துகொண்டாள். பேச ஆள் கிடைத்த மாதிரி முகம் மலர்ந்தது. “நீங்க அனுப்பினத நான்தான் படிச்சுச் சொன்னேன். ‘அத்தை, உங்க கண்ணாடி ரெடி’ன்னதும் எழுந்திரிச்சுட்டாங்க. இன்னொரு தடவ படின்னாங்க. படிச்சேன். எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. போய்த் தலை வாரிக்கிட்டு, வெளியில போற செருப்பையும் மாட்டிக்கிட்டு வந்து வாசல் பக்கமா உக்காந்துட்டாங்க. அப்புறம் என்ன தோணுச்சோ, எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்களான்னு கேட்டு எழுதச் சொன்னாங்க. இது என்ன கேள்வி அத்தைன்னேன். எழுதுன்னா எழுதேன்டின்னாங்க.”

“நீங்க எழுதினதா அது?”

“நான்தான். அவங்க சொல்லச் சொல்ல. ஆமா, எல்லாரையும் அப்படித்தான்னு நீங்க போட்டத வாசிச்சேனா, சரின்னு போடச் சொல்லிட்டுச் செருப்பைக் கழட்டிட்டுப் போய்ப் படுத்துட்டாங்க. இன்னிக்கு வாங்க போலாம்னா, நீயே வாங்கிட்டு வான்றாங்க. சாப்பிடவும் இல்ல சரியா. வயசாயிட்டா கொழந்தைங்க மாதிரிதான், இல்லக்கா?”

உள்ளே லென்ஸ் இயந்திரம் நின்றிருந்தது. பட்டறைக்காரர் தலையைத் தூக்காமல் ஒரு சட்டத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

உறவுக்காரி இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். சொல்லிவிடலாம். ‘நான் யார்னு சொல்லு, அவங்களுக்குத் தெரியும்’ என்று இந்தப் பெண்ணிடமே சொல்லிவிடலாம். இவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போவாள், வெகுளியாய், குழந்தைச் செருப்போடு சேர்த்து. சாயங்காலம் அவன் வந்ததும் அவனிடமும் சொல்வாள். அப்புறம் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோகும். இவளுக்கு நின்றது போலவே, இந்தப் பெண்ணுக்கும்.

“நான் வேணா போட்டுக் காட்டட்டுமாக்கா? எங்க ரெண்டு பேருக்கும் மூக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான்.” சொல்லிக்கொண்டே எடுத்துப் போட்டுக்கொண்டாள். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கண்கள் இரண்டும் பெரிதாகி, ஈரமாக, இவள் முகத்தைத் தேடின. “ஐயோ, நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியல.”

“கழட்டும்மா. தலை சுத்தும்.”

அதை வாங்கி, சூடான காற்று ஊதும் கருவியின்மேல் கண்ணாடியின் இடது காலைக் காட்டினாள். சட்டம் இளகியது. அத்தைக்கு இடது காது வலதைவிட ஒரு விரற்கடை மேலே. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் உட்கார்ந்து தலை பின்னிவிட்டவளுக்கு அது தெரியும். பெற்ற பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. கட்டை விரலால் மெல்ல வளைத்தாள், பார்த்தாள், இன்னும் கொஞ்சம் வளைத்தாள். மேசைமேல் வைத்தபோது கண்ணாடி ஒரு பக்கமாய்த் தூக்கிக்கொண்டு நின்றது.

“கோணலா இருக்கேக்கா.”

“போட்டா சரியா இருக்கும்.”

“பாக்காமலேவா?” அந்தப் பெண் குனிந்து, மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்து, தூக்கி நின்ற அந்த ஒரு காலையும் அதற்குக் கீழே இருந்த இடைவெளியையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக, கொஞ்சம் அதிக நேரம்.

உறவுக்காரி துணியை எடுத்து, விரல் பட்ட இடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.